ஒன்பது மணியா, ஒரு மணியா

என் விசிட்டிங் கார்டில் மூன்று வரிகள் இருக்கும். முதல் வரி என் பெயர், கோகுல்நாத். இரண்டாவது வரி 'சமூக ஊடக வளர்ச்சி ஆலோசகர்'. மூன்றாவது வரியை நானே யோசித்து, தங்க நிறத்தில் அடிக்கச் சொன்னேன்: 'சரியான நேரம், இரவு ஒன்பது.' ஆயிரம் கார்டு அடித்தால்தான் விலை குறையும் என்று அச்சகத்தில் சொன்னதால் ஆயிரம் அடித்தேன். அதில் எண்ணூற்றுச் சொச்சம் இன்னும் என் மேசை டிராயரில் தூங்குகிறது.

அலுவலகம் என்று நான் சொல்வது அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு ஒற்றை அறை. கீழே மெஷின் ஓடினால் மேலே என் மேசை லேசாக நடுங்கும். வருகிற வாடிக்கையாளரிடம் அதை வேலைப் பரபரப்பு என்று சமாளித்து வைத்திருந்தேன். பதினொரு கடைகளின் இன்ஸ்டா பக்கங்களை நான் பார்த்துக்கொண்டேன். பேக்கரி, கவரிங் நகைக் கடை, பிளவுஸ் தைக்கும் யூனிட், மீன் தொட்டிக் கடை என்று கலவையான கூட்டம். பதினொன்றுக்கும் இரவு ஒன்பது மணிக்குத்தான் போஸ்ட் போகும். அது என் கொள்கை. பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபத்தில் சிறுதொழில் செய்பவர்கள் கூட்டம் நடந்தபோது, மைக்கைப் பிடித்து நாற்பது நிமிடம் இந்த ஒன்பது மணியைப் பற்றிப் பேசியிருக்கிறேன். கைதட்டினார்கள். சாப்பாடு தயார் என்று அப்போதுதான் யாரோ வந்து சொன்னார் என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த ஒன்பது மணி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மூன்று வருடம் முன்பு ஒரு பேக்கரியின் கேக் படத்தைச் சாயங்காலம் போட மறந்துவிட்டேன். ஒன்பது மணிக்கு ஞாபகம் வந்து போட்டேன். அது பிய்த்துக்கொண்டு போனது. அவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

தாட்சாயிணி அக்கா ஒரு திங்கட்கிழமை காலை மூச்சு வாங்கப் படியேறி வந்தார். ஆவடி தாண்டி முத்தாபுதுப்பேட்டையில் ஆரி எம்பிராய்டரி வேலை செய்து பிளவுஸ் தைக்கும் யூனிட் வைத்திருக்கிறார். நான்கு மெஷின், ஐந்து பெண்கள். இரண்டு வருடமாக என் வாடிக்கையாளர். வந்தவர் தண்ணீர் கூடக் குடிக்காமல் விஷயத்துக்கு வந்தார். போஸ்ட்டை மதியம் ஒரு மணிக்கு மாற்ற வேண்டும்.

காரணம் கேட்டேன். அவர் கணவர் நடேசன் செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு கிடங்கில் வேலை செய்கிறார். காலை ஆறரைக்குக் கிளம்பினால் இரவு எட்டே முக்காலுக்குத்தான் வீடு. இருவரும் முகம் பார்த்துப் பேச முடிகிற நேரம் அந்தச் சாப்பாட்டு நேரம் மட்டும்தான். அந்த நேரம் பார்த்து நான் போஸ்ட் போடுகிறேன். போட்டதும் 'ரேட் என்ன', 'இந்த டிசைன் பச்சையில் கிடைக்குமா' என்று மெசேஜ் வர ஆரம்பிக்கும். ஐந்து நிமிடத்தில் பதில் போடாவிட்டால் ஆள் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்று சொல்லிக்கொடுத்ததும் நான்தான். அதனால் அக்கா தட்டைத் தொடாமல் போனைத் தட்டிக்கொண்டிருப்பார்.

"மொதல்ல கூப்ட்டுப் பாப்பாரு. அப்புறம் காத்துகினு ஒக்காந்திருந்தாரு. இப்ப அவரே போட்டுகினு சாப்ட்டுப் படுத்துர்றாரு தம்பி. திட்டினாக்கூடப் பரவால்ல. ஒண்ணும் சொல்ல மாட்டேன்றாரு. ஒரு மணின்னா நான் யூனிட்லதான் கீறேன், ஜமீலாவும் கூட கீது. மாத்தி மாத்தி பதில் போட்டுருவோம்."

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு முன்னால் இருந்ததைக் கேட்டு எனக்கு மனம் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. என் கார்டின் மூன்றாவது வரிதான் கண் முன்னால் நின்றது. பார்வையாளர் மனநிலை, உச்ச நேரம், திரை நேரம் என்று எனக்கே பாதி புரியாத விஷயங்களை அவிழ்த்துவிட்டேன். ஒரு மணிக்கு எந்தப் பெண் பிளவுஸ் பார்ப்பாள் என்று கேட்டேன்.

மூலையில் டிசைன் வேலை பார்த்துக்கொண்டிருந்த மைதிலி தலையைத் தூக்கினாள். என் ஒரே ஊழியர். அப்பா பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை, வீடு குவார்ட்டர்ஸில். என்னிடம் வருவதற்கு முன் இரண்டு வருடம் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தவள். இரண்டு மெஷினில் எது நல்லது என்று சண்டை வந்தால் அங்கே யாரும் வாயால் பேச மாட்டார்களாம், ஓட்டிப் பார்ப்பார்களாம். இதையும் ஓட்டிப் பார்த்துவிடலாமே சார், ஒரு நாள் ஒன்பது, மறுநாள் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட்டால் தெரிந்துவிடும் என்றாள்.

நான் தாராளமாகச் சிரித்தேன். "ஒன்பது மணி தெளிவா ஜெயிக்கலைன்னா, அக்கா, நான் ஒரு மணிக்கு மாத்திடறேன்" என்றேன். 'தெளிவா' என்ற சொல்லை நானே என் வாயால் சேர்த்துக்கொண்டேன் என்பதைக் கவனிக்கவும்.

தெளிவு என்றால் எவ்வளவு என்று மைதிலி உடனே கேட்டாள். லைக்கை எண்ணக் கூடாது, போஸ்ட் போட்ட நேரத்திலிருந்து இருபத்து நான்கு மணி நேரத்தில் அந்த டிசைனைக் காட்டி விசாரிக்கிறவர்களைத்தான் எண்ண வேண்டும் என்றும் சொன்னாள். அக்கா கொஞ்ச நேரம் விரலை மடக்கிப் பார்த்தார். ஒரு போஸ்ட்டுக்கு மூன்று விசாரிப்பாவது கூட வந்தால், சோறு ஆறினாலும் பரவாயில்லை, இரவே இருக்கட்டும். அதற்குக் குறைவென்றால் அந்தச் சாப்பாட்டு நேரம் தனக்கு வேண்டும். மைதிலி அதை ஒரு வெள்ளைத் தாளில் எழுதித் தேதி போட்டாள். என் கார்டு தாராளமாக இருக்கிறதே, அதன் பின்பக்கம் எழுதேன் என்று நான் நகைச்சுவையாகச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

அட்டவணை போடுகிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். ஞாயிறு யூனிட் லீவு, போஸ்ட் கிடையாது. திங்கள் இரவு, செவ்வாய் மதியம், புதன் இரவு, வியாழன் மதியம், வெள்ளி இரவு, சனி மதியம். இப்படி இரண்டு வாரம். ஒரு நாள் விட்டு ஒரு நாள், இதைவிட நியாயம் வேறு என்ன இருக்கிறது?

இரண்டு வாரம் முடிந்தது. கூட்டி வகுத்தேன். இரவு சராசரி பதினான்கு. மதியம் ஒன்பது. ஐந்து வித்தியாசம். நான் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினேன். உடனே அக்காவுக்குப் போன் போட்டு, அறிவியல் பேசிவிட்டது என்று சொன்னேன். அக்கா "சரி தம்பி" என்றார். அந்த 'சரி'யில் ஒன்றுமே இல்லை, காலிப் பாத்திரம். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. 'சோதித்து நிரூபிக்கப்பட்டது' என்று ஸ்டேட்டஸ் வைப்பதில் மும்முரமாக இருந்தேன்.

மைதிலி அட்டவணையைப் பிரிண்ட் எடுத்துக் கிழமை வாரியாக வட்டம் போட்டுக்கொண்டு வந்தாள். திங்களும் புதனும் சராசரி பதினொன்று. செவ்வாயும் வியாழனும் பத்து. வெள்ளி மட்டும் இருபது. சனி ஏழு.

"ஞாயிறை விட்டுட்டதால ஒவ்வொரு திங்களும் மறுபடி இரவுலதான் ஆரம்பிக்குது சார். ரெண்டு வாரமும் வெள்ளி இரவுக்கே, சனி மதியத்துக்கே. பத்து வருஷம் ஓட்டினாலும் அப்படியேதான் வரும். நீங்க நேரத்தை அளக்கல. கிழமையை அளந்திருக்கீங்க."

வெள்ளியில் அப்படி என்ன இருக்கிறது என்று யூனிட்டுக்குப் போன் போட்டோம். ஜமீலா எடுத்தார். அங்கே பொம்மைக்குப் பிளவுஸ் மாட்டிப் படம் எடுத்து அனுப்புகிற மூத்த டெய்லர் அவர். சனிக்கிழமை டெலிவரி நாள், அதனால் கல்யாணப் பெண்ணின் பிளவுஸ் எல்லாம் வெள்ளிதான் முடியும், முடிந்ததும் படம் எடுப்போம் என்றார். கனமான ஆரி வேலை, கல் வேலை எல்லாம் வெள்ளி. சனிக்கிழமை எல்லாம் பையில் போய்விடும், பழைய படம் ஏதாவது கிடைத்தால் அனுப்புவோம். வாரத்தின் மணப்பெண்ணை இரவுக்கும், வாரத்தின் மிச்சத்தை மதியத்துக்கும் கொடுத்துவிட்டுப் போட்டி நடத்தியிருக்கிறேன்.

அதோடு நின்றிருந்தால் அறியாமை என்று தப்பித்திருப்பேன். ஜமீலா விடவில்லை. "சார் கூடச் சொன்னாரேம்மா, மயில் டிசைன மதியம் போடாத, ராத்திரிக்கு எடுத்து வெய்யின்னு" என்றார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. மைதிலி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஒன்றுமில்லை, பக்கத்துக் கட்டிடத்தின் சுவர்தான்.

மறுபடி ஆரம்பித்தோம். இந்த முறை நான்கு வாரம். முதல் வாரம் திங்கள் இரவில் ஆரம்பித்தால், இரண்டாவது வாரம் திங்கள் மதியத்தில். மூன்றாவது இரவு, நான்காவது மதியம். இப்படிப் போட்டால் ஒவ்வொரு கிழமையும் இரண்டு நேரத்துக்கும் இரண்டிரண்டு முறை கிடைக்கும். மொத்தம் இருபத்து நான்கு போஸ்ட், ஆளுக்குப் பன்னிரண்டு. படம் தேர்வு ஜமீலா, வழக்கம்போல அன்றன்றைக்கு முடிந்ததில் நல்லது எதுவோ அது. எண்ணுவது மைதிலி. நான் எதையும் தொடக் கூடாது. என் அலுவலகத்தில் என்னைத் தவிர எல்லோருக்கும் வேலை இருந்தது.

நான்காவது வாரம் முடிந்த திங்கட்கிழமை காலை தாள் மேசைக்கு வந்தது. இரவு, பன்னிரண்டு போஸ்ட்டுக்கு நூற்று அறுபத்தெட்டு விசாரிப்பு, சராசரி பதினான்கு. மதியம் நூற்றுப் பதினான்கு, சராசரி ஒன்பதரை. நாலரை வித்தியாசம். மூன்றுக்கு மேல். முதல் முறை வந்த அதே பதினான்கு! ஜெராக்ஸ் மெஷின் கீழே ஓட, மேசை என்னோடு சேர்ந்து ஆடியது.

இன்னொரு தாள் இருக்கிறது சார் என்றாள் மைதிலி. மூன்றாவது வார வெள்ளி இரவு போஸ்ட்டுக்கு மட்டும் ஐம்பத்திரண்டு. மாங்காட்டில் ஒரு மேக்கப் பெண் மறுநாள் காலை பதினோரு மணிக்கு அதைத் தன் பக்கத்தில் பகிர்ந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் பெரிய கூட்டம். கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் அவர் பக்கத்தில் பார்த்ததாகவே எழுதியிருந்தார்கள்.

எண் பிடிக்கவில்லை என்பதற்காகத் தூக்கக் கூடாது என்று நீதானே சொல்லியிருக்கிறாய் என்று மடக்கினேன். ஆமாம் என்றாள். அதனால்தான் இரண்டு தாள். ஒன்றில் எல்லாம் இருக்கிறது. இன்னொன்றில் அந்த வெள்ளியையும், அதற்கு ஜோடியான நான்காவது வார வெள்ளி மதியத்தையும் சேர்த்தே எடுத்திருக்கிறாள். ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் அது வேறு அநியாயம். அப்போது இரவு பத்தரை, மதியம் ஒன்பது. ஒன்றரை வித்தியாசம்.

"அந்த ஒன்றரையையும் நம்பிட முடியாது சார். இரவு போஸ்ட்டுக்குள்ளயே ஏழும் இருக்கு, பத்தொன்பதும் இருக்கு. மதியத்துல ஆறும் இருக்கு, பதினேழும் இருக்கு. ஒரே நேரம் தனக்குள்ளயே இவ்ளோ ஆடுறப்ப, ஒன்றரைய வெச்சு யார் ஜெயிச்சாங்கன்னு சொல்றது?"

அப்படியானால் இரண்டும் சமமா என்று கேட்டேன். சமம் என்றும் சொல்லவில்லை என்றாள். இரவு கொஞ்சம் தேவலையாகக் கூட இருக்கலாம். ஒரு நாள் இரவு போட்டு மறுநாள் மதியமே அடுத்ததைப் போடுவதால், இரவு போஸ்ட் தனியாக நிற்கிற நேரம் குறைவு, அது அதன் வரவைக் கொஞ்சம் தின்றிருக்கலாம். பன்னிரண்டு போஸ்ட்டில் இவ்வளவுதான் தெரியும். அக்கா கேட்ட அந்த மூன்று இதில் தெரியவில்லை, அவ்வளவுதான் சொல்லலாம். இரண்டு தாளையும் மடித்து என் சட்டைப் பையில் அவளே வைத்தாள். எதைக் காட்டுவது என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் மேல் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன்.

மறுநாள் காலை முத்தாபுதுப்பேட்டைக்கு வண்டியை விட்டேன். வழி முழுக்கப் பதினான்கு, பதினான்கு என்று மனம் ஜபம் செய்தது. முதல் தாளில் ஒரு எண் கூடப் பொய் இல்லை. ஐம்பத்திரண்டு பேர் நிஜமாகவே கேட்டார்கள். கார்டின் மூன்றாவது வரி, பூந்தமல்லிக் கைதட்டல், மீதிப் பத்துக் கடைகள். எல்லாம் அந்த ஐம்பத்திரண்டின் மேல் உட்கார்ந்திருந்தன.

யூனிட் என்பது அக்கா வீட்டின் முன்னறைதான். அவர் ஃப்ரேமில் துணியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னார். நான் உட்காராமலே ஆரம்பித்தேன். இரவு பதினான்கு, மதியம் ஒன்பதரை என்றேன். பேப்பரையும் எடுத்துக் காட்டினேன்.

அக்கா பேப்பரைப் பார்க்கவில்லை. "நாலரையா? மூணுக்கு மேலதான் கீது. பேசினது பேசினதுதான். ஒம்போதே இருக்கட்டும்" என்றார். பிறகு எழுந்து போய், சுவரில் மாட்டியிருந்த மாதக் காலண்டரைக் கழற்றினார்.

அதில் தேதிகளுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னதாகப் பேனா டிக். பால் கணக்கா அக்கா என்று சும்மா கேட்டு வைத்தேன். பேச்சை மாற்ற ஏதாவது வேண்டியிருந்தது.

"இது அவரோட வேல. நீங்க மாத்தி மாத்திப் போடப் போறீங்கன்னு சொன்னேன். அவரும் எண்ண ஆரம்பிச்சிட்டாரு. ரெண்டு பேரும் ஒண்ணா ஒக்காந்து சாப்ட்ட நாளுக்கு ஒரு டிக்கு. ஊட்ல பேசாத மனுசன், தெனம் பேனா எடுத்துகினு வந்து நிப்பாரு."

காலண்டரை வாங்கிப் பார்த்தேன். கிழமைகளோடு பொருத்திப் பார்க்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஆறு வாரமாக அந்த அட்டவணை எனக்கு மனப்பாடம். கடைசி நான்கு வாரத்தில் மதியம் போஸ்ட் போன நாள் பன்னிரண்டு. அதில் பதினொன்றுக்கு டிக். ஒரு நாள் மட்டும் லாரி வரத் தாமதமாகி அவர் பதினோரு மணிக்கு வந்தாராம். இரவு போஸ்ட் போன நாள் பன்னிரண்டு. அதில் ஒரே ஒரு டிக். அன்றைக்கு முத்தாபுதுப்பேட்டை முழுக்க நெட் இல்லை.

பதினொன்று, ஒன்று. ஆட்டம் இல்லை, விலக்க வேண்டிய வெள்ளி இல்லை, மாங்காட்டு மேக்கப் பெண் இல்லை. மைதிலியே வந்தாலும் இதில் பேச ஒன்றும் இருக்காது. நாங்கள் நடத்திய சோதனையில் தெளிவான முடிவு ஒன்று இருந்தது, அதை எண்ணியது ஆலோசகர் இல்லை. எனக்கு அழுகை வரும் போலிருந்தது. அவமானத்தில் பாதி, மீதி என்னவென்று தெரியவில்லை.

சட்டைப் பையிலிருந்து இரண்டாவது தாளை எடுத்தேன். ஐம்பத்திரண்டின் கதையைச் சொன்னேன். ஜோடி வெள்ளியைச் சொன்னேன். ஒன்றரையைச் சொன்னேன். முதல் முறை மயில் டிசைனை நான் ஒதுக்கி வைக்கச் சொன்னதையும், ஜமீலா அங்கேயே மெஷினில் உட்கார்ந்திருந்ததால், சொல்லிவிட்டேன்.

"அப்ப ஒம்போது மணி ஜெயிக்கலையா?" என்றார் அக்கா.

"ஜெயிச்சுதா தோத்துதான்னு எனக்குத் தெரியல அக்கா. நீங்க சொன்ன மூணு அதுல இல்ல. அவ்ளோதான் தெரியும்."

தெரியவில்லை என்று ஒரு வாடிக்கையாளரிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. கூரை இடிந்து விழவில்லை. ஜமீலாவின் மெஷின் கூட நிற்கவில்லை.

அக்கா காலண்டரை என் கையிலிருந்து வாங்கி மறுபடி ஆணியில் மாட்டினார். கோணலாக இருந்ததை நேராக்கினார். பிறகு திரும்பி, கோபமே இல்லாத குரலில் கேட்டார்.

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடி வந்தியே தம்பி, அப்ப மட்டும் தெரியுமா?"

திரை நேரம், உச்ச நேரம் எதுவும் வாயில் வரவில்லை. தெரியாது அக்கா என்றேன். இரண்டு வருடத்துக்கு எத்தனை சாப்பாடு என்று மனம் கணக்குப் போடப் பார்த்தது, நான் விடவில்லை. அக்கா ஃப்ரேமுக்குத் திரும்பி ஊசியை எடுத்தார். இன்றைக்குப் படம் பன்னிரண்டரைக்கே வந்துவிடும், ஒரு மணிக்கு மறக்காமல் போடு என்றார்.

வெளியே வந்து வண்டியை எடுக்காமல் நின்றேன். இன்னும் பத்துக் கடைகள். பேக்கரிக்காரருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள் என்று எப்போதோ சொல்லியிருக்கிறார். அவர் ஒன்பது மணிக்கு என்ன செய்துகொண்டிருப்பார் என்று நான் கேட்டதே இல்லை. பையைத் துழாவினேன், கார்டுதான் இருந்தது. அதன் பின்பக்கத்தில் பத்துப் பெயரையும் எழுதிக்கொண்டு, முதல் எண்ணை அழுத்தினேன்.